ஒரே 25 விழுக்காடு, மூன்று புள்ளிப்படங்கள்

தகவல் தொடர்பியல் ஆய்வேடுகளில் முடிவுகளைச் சொல்லும் அத்தியாயத்தில் தவறாமல் இடம்பெறும் படம் ஒன்று உண்டு. இரு அச்சுகள் வெட்டிக்கொள்ளும் தளத்தில், கால்பகுதிக்கு ஒன்றாக நான்கு புள்ளித் திரள்கள். அடியில் 'பெறப்பட்ட க்யூ.பி.எஸ்.கே. கான்ஸ்டலேஷன்' என்ற தலைப்பு. அடுத்த வரியில் 'ஈ.வி.எம். 25 விழுக்காடு' என்றோர் எண். அத்துடன் ஆய்வாளர் அடுத்த படத்துக்குப் போய்விடுகிறார். வாய்மொழித் தேர்விலும் அந்த எண்ணைப் பற்றிக் கேள்வி எழும். திரள்களின் வடிவத்தைப் பற்றி அநேகமாக எவரும் கேட்பதில்லை. படம் அலங்காரமாகவும் எண் முடிவாகவும் கொள்ளப்படுகின்றன. இந்த வரிசை தலைகீழானது. திரளின் வடிவத்தைப் படிக்காமல் அந்த எண்ணுக்குப் பொருளே சொல்ல இயலாது என்பதை ஒரு சிறு கணக்கைக் கொண்டே நிறுவிவிடலாம்.

முதலில் அந்தப் படம் எதைக் காட்டுகிறது என்பதைத் தெளிவாக்கிக்கொள்வது நல்லது. கட்டப் பெயர்ச்சிப் பண்பேற்றத்தில் ஊர்தி அலையின் வீச்சு மாறுவதில்லை. அதன் கட்டம் மட்டுமே செய்தியைச் சுமக்கிறது. க்யூ.பி.எஸ்.கே. முறையில் கட்டம் 45, 135, 225, 315 பாகை என்னும் நான்கு மதிப்புகளுள் ஒன்றைக் கொள்ளும். ஒவ்வொரு தேர்வும் இரண்டு பிட்டுகளைக் குறிக்கும். வீச்சை 1 என எடுத்துக்கொண்டால், அனுப்பப்படும் ஒவ்வொரு குறியீடும் ஓரலகு வட்டத்தின் மீதுள்ள ஒரு கலப்பெண். அதன் மெய்ப்பகுதியும் கற்பனைப்பகுதியும் தனித்தனியே 0.707 அல்லது −0.707. ஏற்பியானது வடிகட்டல், நேர ஒத்திசைவு, ஊர்தி ஒத்திசைவு ஆகியவற்றை முடித்தபின் ஒவ்வொரு குறியீட்டுக்கும் ஒரு கலப்பெண்ணை எடுத்துத் தருகிறது. அவற்றையெல்லாம் ஒரே தளத்தில் புள்ளிகளாக வைத்தால் கிடைப்பதே கான்ஸ்டலேஷன் படம். ஒரு புள்ளி எந்தக் கால்பகுதியில் விழுகிறதோ, அந்தக் கால்பகுதிக்குரிய குறியீடே அனுப்பப்பட்டது என்று ஏற்பி முடிவுசெய்யும். ஆகவே இரு அச்சுகளே முடிவெல்லைகள். ஒவ்வோர் இலக்குப் புள்ளியிலிருந்தும் அருகிலுள்ள எல்லைக்கு 0.707 தொலைவு.

இப்போது ஈ.வி.எம். என்னும் பிழைத் திசையன் அளவு. வந்து விழுந்த புள்ளிக்கும் அது விழுந்திருக்க வேண்டிய இடத்துக்கும் இடைப்பட்ட தொலைவை வர்க்கமாக்கி, சராசரி கண்டு, வர்க்கமூலம் எடுத்தால் இந்த அளவு கிடைக்கும். தொலைவு எந்தத் திசையில் என்ற செய்தி வர்க்கமாக்கும்போதே தொலைந்துவிடுகிறது. சிக்கலின் வேர் இங்கேதான் இருக்கிறது.

முதற்படம் வெப்ப இரைச்சலால் மட்டும் சிதறிய ஒன்றாக இருக்கட்டும். கடத்திகளில் எலக்ட்ரான்களின் ஒழுங்கற்ற வெப்ப அசைவால் எழும் இந்த இரைச்சலை 1928இல் ஜான்சன் அளந்து காட்டினார். அதே ஆண்டில் நைக்விஸ்ட் அதற்குக் கோட்பாட்டு விளக்கம் தந்தார். எண்ணற்ற சிறு அசைவுகளின் கூட்டுத்தொகை என்பதால் அது இயல்நிலைப் பரவலைப் பின்பற்றுகிறது. ஏற்பியின் மெய்ப்பகுதிக் கிளையிலும் கற்பனைப்பகுதிக் கிளையிலும் அது ஒரே திட்டவிலக்கத்தோடும் ஒன்றையொன்று சாராமலும் நுழைகிறது. அவ்வாறான இரு இயல்நிலைப் பரவல்களின் இணைப்புக்கு விருப்பத் திசை என்று எதுவும் கிடையாது. தளத்தை எந்தக் கோணத்தில் சுழற்றினாலும் பரவல் அப்படியே இருக்கும். அதனால்தான் திரள் வட்டமாக இருக்கிறது.

ஈ.வி.எம். 25 விழுக்காடு என்றால் மொத்தப் பிழையின் வர்க்கச் சராசரி 0.0625. அதில் பாதி மெய்யச்சுக்கும் பாதி கற்பனையச்சுக்கும் போகும். ஆக, ஓர் அச்சுக்கான திட்டவிலக்கம் 0.25ஐ √2ஆல் வகுத்துப் பெறும் 0.177. எல்லையோ 0.707 தொலைவில், அதாவது சரியாக நான்கு திட்டவிலக்கங்களுக்கு அப்பால். இயல்நிலைப் பரவலில் ஒரு பக்கமாக நான்கு திட்டவிலக்கங்களைத் தாண்டும் நிகழ்தகவு ஏறத்தாழ 1,00,000இல் 3. ஒவ்வொரு புள்ளிக்கும் அருகில் இரண்டு எல்லைகள் இருப்பதால் 1,00,000 குறியீடுகளுக்கு ஏறத்தாழ 6 பிழைகள்.

மாணவர் பலரும் இடறும் இடம் ஒன்று இங்கே உண்டு. திரளின் நடுவிலிருந்து ஒரு திட்டவிலக்க ஆரத்தில் வட்டம் வரைந்தால் அதற்குள் 68 விழுக்காடு புள்ளிகள் இருக்கும் என்று எதிர்பார்ப்பார்கள். அது ஒற்றைப் பரிமாணத்தின் விதி. இரு பரிமாணத்தில் அந்த வட்டத்துக்குள் 39 விழுக்காடு புள்ளிகளே இருக்கும். இரு திட்டவிலக்க ஆரத்துக்குள் 86 விழுக்காட்டுக்குச் சற்று மேல். இதை அறியாதவர் சரியாக இயங்கும் கணினி மாதிரியில் பிழை இருப்பதாக எண்ணி, இல்லாத காரணியொன்றால் இரைச்சலைப் பெருக்கிச் 'சரிசெய்வது' உண்டு.

இரண்டாம் படத்தில் வெப்ப இரைச்சலே இல்லை என்று கொள்வோம். மாறாக, ஏற்பியின் அலையியற்றி நிலையாக இல்லை. அதன் கட்டம் ஒவ்வொரு குறியீட்டுக்கும் சற்று முன்னும் பின்னுமாக ஆடுகிறது. கட்டம் பிறழ்வது கலப்பெண்ணைச் சுழற்றுவதற்குச் சமம். சுழற்றும்போது மையத்திலிருந்து புள்ளியின் தொலைவு மாறாது. எனவே நான்கு புள்ளிகளும் ஓரலகு வட்டத்தின் மீதே வழுக்கி, நான்கு வில்களாக நீளும். வெளிப்புறமாகவோ உட்புறமாகவோ பரவல் சிறிதும் இராது. இந்தப் படமும் 25 விழுக்காடு ஈ.வி.எம். தர வேண்டுமானால், கோண ஆட்டத்தின் திட்டவிலக்கம் 0.252 ரேடியன், அதாவது 14.4 பாகை, இருக்க வேண்டும். எல்லை 45 பாகையில் இருக்கிறது, அது 3.12 திட்டவிலக்கங்கள் மட்டுமே. கோணப் பிழையும் இயல்நிலைப் பரவல் கொண்டது எனில், 1,00,000 குறியீடுகளுக்கு ஏறத்தாழ 183 பிழைகள்.

எண் அதே 25 விழுக்காடு. பிழைகளோ 29 மடங்கு. காரணம் எளிது. வெப்ப இரைச்சல் தன் ஆற்றலில் பாதியை ஆரத்தின் திசையில் செலவிடுகிறது, க்யூ.பி.எஸ்.கே. புள்ளியை ஆரத்தின் வழியே வெளியே தள்ளினால் அது எல்லையிலிருந்து விலகித்தான் போகும். கட்ட இரைச்சலோ தன் முழு ஆற்றலையும் தொடுகோட்டுத் திசையில், எல்லையை நோக்கியே செலுத்துகிறது.

மூன்றாம் படம் இன்னும் விந்தையானது. வெப்ப இரைச்சலும் இல்லை, கட்ட ஆட்டமும் இல்லை. ஆனால் அலைப்பட்டைக்குள் ஒற்றை அதிர்வெண் கொண்ட அந்நிய அலை ஒன்று புகுந்திருக்கிறது. மின்வழங்கியின் சாவி அதிர்வெண்ணின் மடங்காகவோ, பக்கத்துப் பலகையிலுள்ள கடிகாரக் குறிகையின் கசிவாகவோ இப்படியொன்று ஆய்வுக்கூடங்களில் அடிக்கடி நுழையும். அதன் வீச்சு 0.25 என்க. ஊர்தி அலையைக் கழித்தபின் எஞ்சும் வேற்று அதிர்வெண்ணில் அது சுழன்றுகொண்டே இருப்பதால், ஒவ்வோர் இலக்குப் புள்ளியைச் சுற்றியும் 0.25 ஆரமுள்ள வளையம் ஒன்று உருவாகும். வளையத்தின் நடு வெறுமையாக இருக்கும். பிழைத் திசையனின் நீளம் எப்போதும் 0.25, ஈ.வி.எம். மீண்டும் 25 விழுக்காடு. ஆனால் 0.25 ஒருபோதும் 0.707ஐ எட்டாது. பிழைகள் சுழியம்.

சந்தேகமுள்ளவர் கீழுள்ள சில வரிகளை இயக்கிப் பார்க்கலாம்.

```python
import numpy as np
N = 100000
s = np.exp(1j*(np.pi/4 + np.pi/2*np.random.randint(0, 4, N)))
w = 0.25/np.sqrt(2)*(np.random.randn(N) + 1j*np.random.randn(N))
a = s + w
b = s*np.exp(1j*0.252*np.random.randn(N))
c = s + 0.25*np.exp(2j*np.pi*0.0137*np.arange(N))
for r in (a, b, c):
    evm = np.sqrt(np.mean(abs(r - s)**2))
    err = np.sum((r.real*s.real < 0) | (r.imag*s.imag < 0))
    print(evm, err)
```

மூன்று வரிகளிலும் முதல் எண் 0.25ஐ ஒட்டியே வரும். இரண்டாம் எண் முதல் வரியில் ஒற்றை இலக்கத்தைச் சுற்றியும், இரண்டாம் வரியில் நூற்று எண்பதைச் சுற்றியும், மூன்றாம் வரியில் சுழியமாகவும் இருக்கும். ஒவ்வொரு முறை இயக்கும்போதும் சிறு ஏற்ற இறக்கம் இருக்கும். ஆறு என எதிர்பார்க்கும் இடத்தில் மூன்றோ பத்தோ வருவது இயல்பு. `w` என்ற வரியிலுள்ள √2 கவனத்துக்குரியது. அதை மறந்து இரு அச்சுகளுக்கும் முழு இரைச்சலையும் கொடுத்துவிட்டு, தம் வழிமுறை கோட்பாட்டைவிட 3 டெசிபல் பின்தங்குகிறது என்று பக்கம் பக்கமாக விளக்கம் எழுதும் ஆய்வுக்கட்டுரை வரைவுகள் இன்றும் வருகின்றன.

மூன்றாம் படத்தின் சுழியத்தைக் கண்டு ஏமாந்துவிடவும் கூடாது. அந்நிய அலை மட்டும் இருக்கையில்தான் அது தீங்கற்றது. அதனோடு வெப்ப இரைச்சலும் சேர்ந்தால், வளையத்தில் எல்லைக்கு மிக அருகிலுள்ள இடத்தில் நிற்கும் புள்ளிக்கு 0.707க்குப் பதிலாக 0.457 இடைவெளியே மிஞ்சும். பிழைகள் அங்கிருந்துதான் தொடங்கும்.

எண் ஒன்றாக இருந்தும் நோய் மூன்று என்பதால் மருந்தும் மூன்றாகிறது. பரப்பியின் திறனை 6 டெசிபல் கூட்டிப் பார்ப்பதே இவற்றைப் பிரித்தறியும் எளிய சோதனை. குறிகையின் வீச்சு இரட்டிப்பாகும். ஏற்பி அதை மீண்டும் 1 என்ற அளவுக்குக் கொண்டுவரும்போது வெப்ப இரைச்சலின் வட்டத்திரள் பாதியாகச் சுருங்கும். நான்கு திட்டவிலக்கங்களாக இருந்த இடைவெளி எட்டாகிவிடும். பிழை நடைமுறையில் மறைந்தே போகும். அலையியற்றியால் விளைந்த வில்களோ அசையாது. வீச்சு கூடினாலும் கோணம் அதே கோணம்தான். 183 பிழைகளும் அப்படியே நிற்கும். பிழை விகித வளைவு ஒரு கட்டத்துக்குப் பின் கீழிறங்க மறுத்துத் தரைதட்டி நிற்பதை வரைந்துவிட்டு, 'அதிகச் சமிக்ஞை வலிமையில் செயல்திறன் தேக்கமடைகிறது' என்று மட்டும் எழுதி நகரும் ஆய்வேடுகளுக்கு, விடை பெரும்பாலும் அவற்றின் சொந்தப் புள்ளிப்படத்திலேயே வில்லாக வளைந்து கிடக்கிறது. வளையத்தைப் பொறுத்தவரை, அந்நிய அலை வெளியிலிருந்து வந்ததா, பரப்பிக்குள்ளேயே பிறந்ததா என்பதை இதே சோதனை சொல்லிவிடும். வெளியிலிருந்து வந்தது எனில் வளையம் சுருங்கும். பரப்பியின் குறிகையோடு சேர்ந்தே வளர்வது எனில் சுருங்காது.

வில்லைக் கண்டவுடன் அலையியற்றியின் மீதே பழிபோடுவதும் அவசரமாகிவிடும். ஊர்தி ஒத்திசைவைச் செய்யும் வளையச் சுற்று, 1956இல் ஜான் காஸ்டஸ் விவரித்த அமைப்பின் வழிவந்ததாக இருக்கலாம், அல்லது வேறொன்றாக இருக்கலாம். எதுவாயினும் அதன் அலைப்பட்டை அகலத்தைத் தேர்வது ஒரு பேரம். குறுகலாக வைத்தால் அலையியற்றியின் ஆட்டத்தை அது பின்தொடர முடியாமல் போகும். அகலமாக வைத்தால் வெப்ப இரைச்சலே சுற்றுக்குள் புகுந்து கட்டத்தை ஆட்டிவைக்கும். இரண்டாவது வகையிலும் வில்லே தோன்றும். ஆனால் திறனைக் கூட்டினால் அந்த வில் சுருங்கும். எனவே 6 டெசிபல் சோதனையோடு, சுற்றின் அகலத்தைப் பாதியாக்கிப் படம் எப்படி மாறுகிறது என்பதையும் பார்ப்பது விவேகம். சுற்றே பற்றிக்கொள்ளாமல் அதிர்வெண் வேறுபாடு எஞ்சியிருந்தால் வில் நீண்டு முழு வட்டமாகிவிடும், அங்கே ஈ.வி.எம். பேசுவதே வீண்.

உண்மை ஏற்பியில் இவை தூய வடிவில் தனித்தனியே வருவதில்லை என்ற ஆட்சேபம் நியாயமானது. பெரும்பாலும் திரள் வட்டமும் வில்லும் கலந்த நீள்வட்டமாகவே இருக்கும். ஆனால் அதைப் பிரித்துப் பார்ப்பதற்கு வேண்டியது ஒரே ஒரு பெருக்கல். வந்த ஒவ்வொரு கலப்பெண்ணையும் அனுப்பப்பட்ட குறியீட்டின் இணைக் கலப்பெண்ணால் பெருக்கி, 1ஐக் கழித்துவிட்டால், நான்கு திரள்களும் ஆதிப்புள்ளியில் ஒன்றாகக் குவிந்துவிடும்.

```python
d = r*np.conj(s) - 1
print(np.std(d.real), np.std(d.imag))
```

இதில் முதல் எண் ஆரத் திசைப் பரவல், இரண்டாவது தொடுகோட்டுத் திசைப் பரவல். எடுத்துக்காட்டாக அவை 0.10, 0.20 என்று வந்ததாகக் கொள்வோம். வெப்ப இரைச்சல் இரு திசையிலும் சமம் என்பதால் அதன் பங்கு 0.10. தொடுகோட்டுத் திசையில் மிஞ்சுவதை வர்க்கங்களைக் கழித்துக் காணலாம்: 0.04இலிருந்து 0.01 போக 0.03, வர்க்கமூலம் 0.173. ஆக, கட்ட ஆட்டம் ஏறத்தாழ 0.173 ரேடியன், கிட்டத்தட்ட 10 பாகை. மொத்த ஈ.வி.எம். 22 விழுக்காடு என்று எழுதி முடித்திருக்க வேண்டிய இடத்தில், நான்கில் மூன்று பங்குக்கும் மேலாக உள்ள தொடுகோட்டுப் பிழையில் பெரும்பகுதி கட்ட ஆட்டத்தால் வந்தது என்று எழுத முடிகிறது. எந்தப் பாகத்தை மாற்ற வேண்டும் என்பதும் அதோடு தெரிந்துவிடுகிறது. சிறு கோணங்களுக்கும், ஆரத் திசையில் பெருக்கியின் ஈட்ட ஆட்டம் போன்ற வேறு கோளாறு எதுவும் இல்லாத நிலைக்கும் இக்கணக்கு பொருந்தும்.

ஈ.வி.எம். என்ற ஒற்றை எண்ணுக்கு ஆதரவாகப் பேசுவோர் தரநிர்ணயங்களைச் சுட்டுவார்கள். எல்.டி.இ. தரம் க்யூ.பி.எஸ்.கே. குறிகைக்கு 17.5 விழுக்காடு என்று வரம்பு விதிக்கவில்லையா என்று கேட்பார்கள். விதிக்கிறது. ஆனால் அது பரப்பியைச் சோதித்து ஏற்பதா விலக்குவதா என்று முடிவுசெய்வதற்கான வரம்பு. உற்பத்தி வரிசையில் ஆயிரக்கணக்கான கருவிகள் கடந்துபோகையில் ஒற்றை எண்தான் வேண்டும். அங்கே அது சரியான கருவி. ஆய்வேடு காரணம் சொல்லக் கடமைப்பட்டது.

வடிவத்தைப் படிக்க வேண்டும் என்று வற்புறுத்தும்போதே, கண் ஏமாறும் இடங்களையும் சொல்லியாக வேண்டும். அவற்றுள் மிகுதியாகக் கவனிக்கப்படாதது புள்ளிகளின் எண்ணிக்கை. இயல்நிலைப் பரவலுக்கு விளிம்பு கிடையாது. கண்ணுக்குத் தெரியும் விளிம்பு, வரைந்த புள்ளிகளுள் மிகத் தொலைவில் விழுந்த ஒன்றால் வரையறுக்கப்படுகிறது. 500 புள்ளிகளை வரைந்தால் அந்த விளிம்பு ஏறத்தாழ 3.5 திட்டவிலக்க ஆரத்தில் இருக்கும். 1,00,000 புள்ளிகளை வரைந்தால் 4.8 வரை போகும். இரைச்சல் இம்மியும் மாறாமலே திரள் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் பெருத்துவிட்டதாகத் தோன்றும். தம் முறையின் படத்தில் சில நூறு புள்ளிகளும், ஒப்பிட எடுத்த பழைய முறையின் படத்தில் பல்லாயிரம் புள்ளிகளும் வரைந்து 'திரள் சுருங்கியிருப்பதைக் காணலாம்' என்று எழுதினால், அது அறியாமையாக இருந்தாலும் வாசகரை ஏமாற்றுவதே. புள்ளிகளுக்குப் பதிலாக அடர்த்தியை நிறமாகக் காட்டினால் இந்தத் தொல்லை பெருமளவு நீங்கும்.

அச்சுகளின் அளவுகோல் சமமாக இல்லாதது இன்னொன்று. மென்பொருள் படத்தைப் பக்கத்தின் அகலத்துக்கு இழுத்துவிட, வட்டத்திரள் நீள்வட்டமாகிவிடும். அதைக் கண்டு இரு கிளைகளின் ஈட்டம் சமமில்லை என்று முடிவுகட்டியவர்கள் உண்டு. `plt.axis('equal')` என்ற ஒரே வரி இதற்குப் போதும்.

இவற்றைவிட ஆழமான பொறி, அனுப்பப்பட்ட குறியீடு தெரியாமல் ஈ.வி.எம். கணக்கிடுவது. நேரடி அலைபரப்பை வாங்கும்போது உண்மைக் குறியீடு ஏற்பிக்குத் தெரியாது. ஆகவே கருவி ஒவ்வொரு புள்ளியையும் அதற்கு மிக அருகிலுள்ள இலக்கோடு ஒப்பிடுகிறது. எல்லையைத் தாண்டித் தவறான கால்பகுதியில் விழுந்த புள்ளி, தவறான இலக்குக்கு அருகில் இருப்பதால் நல்ல புள்ளியாகவே கணக்கில் சேரும். இரைச்சல் கூடக் கூட இந்தச் சலுகையும் கூடும். இதன் எல்லை நிலையைப் பார்த்தால் வியப்பே மிஞ்சும். ஆண்டெனாவைக் கழற்றிவிட்டு வெறும் இரைச்சலை மட்டும் உள்ளே விட்டு, ஏற்பி அதன் சராசரித் திறனை 1 என்று ஆக்கிக்கொண்டால், இவ்வாறு கணக்கிட்ட ஈ.வி.எம். ஏறத்தாழ 64 விழுக்காடு வரும். அதைச் சமிக்ஞை-இரைச்சல் விகிதமாக மாற்றினால் கிட்டத்தட்ட 4 டெசிபல். சமிக்ஞையே இல்லாத இடத்தில் 4 டெசிபல் சமிக்ஞை! இரைச்சல் மிகுந்த நிலைகளுக்கான ஈ.வி.எம். அட்டவணையைக் காணும் தேர்வாளர், உண்மைக் குறியீடுகள் தெரிந்த நிலையில் அளந்ததா என்று முதலில் கேட்க வேண்டியது இதனால்தான்.

புள்ளிப்படமே முற்றிலும் குருடாக இருக்கும் இடமும் உண்டு. க்யூ.பி.எஸ்.கே. படத்தை 90 பாகை சுழற்றினால் அதே படம்தான் கிடைக்கும். ஊர்தி ஒத்திசைவுச் சுற்றுக்கும் அந்த நான்கு நிலைகளுள் எது உண்மை என்று தெரியாது. நான்கில் எதில் வேண்டுமானாலும் அது அமைதியாகப் பற்றிக்கொள்ளும். தவறான நிலையில் பற்றிக்கொண்டால் திரள்கள் ஊசிமுனைபோல் கூர்மையாக இருக்கும், ஈ.வி.எம். 2 விழுக்காடாகக்கூட இருக்கும், ஆனால் குறியீடுகள் அத்தனையும் தவறு. ஓட்டத்தின் நடுவில் இரைச்சலின் ஓர் உந்தலால் சுற்று ஒரு நிலையிலிருந்து அடுத்ததற்குத் தாவினாலும், படத்தில் அதற்கு அடையாளமாக இரு திரள்களுக்கிடையே வழிதவறிய சில புள்ளிகள் மட்டுமே இருக்கும். அதற்காகத்தான் சட்டகத்தின் தொடக்கத்தில் முன்பே தெரிந்த குறியீட்டு வரிசை ஒன்று அனுப்பப்படுகிறது. அல்லது செய்தி கட்டத்திலேயே ஏற்றப்படாமல், அடுத்தடுத்த கட்டங்களின் வேறுபாட்டில் ஏற்றப்படுகிறது. பிழை விகிதம் 0.5 அல்லது அதற்கும் மேல் என்று வந்து, படம் மட்டும் பளிங்குபோல் தெளிவாக இருந்தால், பண்பிறக்கியைக் கழற்றிப் பார்ப்பதற்கு முன் பெறப்பட்ட குறியீடுகளை `1j`, `-1`, `-1j` ஆகியவற்றால் ஒவ்வொன்றாகப் பெருக்கிப் பிழைகளை மீண்டும் எண்ணிப் பார்க்க வேண்டும்.

இவ்வளவையும் ஒரு படத்தின் கீழ் எழுத இடமில்லை என்பார்கள். எழுத வேண்டியது அவ்வளவு ஒன்றும் இல்லை: எத்தனை புள்ளிகள் வரையப்பட்டுள்ளன, ஏற்பியின் எந்தக் கட்டத்துக்குப் பின் எடுக்கப்பட்டவை, ஒப்பீட்டுக் குறியீடு தெரிந்ததா ஊகித்ததா, ஆரத் திசைப் பரவல் எவ்வளவு, தொடுகோட்டுத் திசைப் பரவல் எவ்வளவு. இரண்டு வரிகளில் அடங்கும். இவற்றுள் இரண்டாவது பலருக்கும் தேவையற்றதாகத் தோன்றும். ஆனால் ஊர்தி ஒத்திசைவுக்கு முன் எடுத்த படத்தில் வட்டமாகத் தெரிவதும், அதற்குப் பின் எடுத்த படத்தில் வில்லாகத் தெரிவதும் ஒரே அலையியற்றியின் ஆட்டமாக இருக்கலாம்.